அரைவ் என்ற வினையின் எழுவாய் உண்மையில் செயப்படுபொருளா? சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கேஎல் சென்ட்ரலுக்கு ரயில் வந்தது. தைப்பூசத்தன்று பத்துமலையில் இளைஞர்கள் ஆடினார்கள். நம் பள்ளி இலக்கணம் இந்த இரண்டையும் ஒரே வகையில் சேர்த்துவிடும். இரண்டிலும் எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, செயப்படுபொருள் இல்லை. ஆகவே இரண்டும் செயப்படுபொருள் குன்றிய வினைகள். அதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

இந்த வகைப்பாடு போதாது என்று 1978-இல் டேவிட் பெர்ல்மட்டர் என்ற மொழியியலாளர் வாதிட்டார். அவர் சொன்னது இதுதான்: செயப்படுபொருள் குன்றிய வினைகளில் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்றில் எழுவாய் பிறப்பிலேயே எழுவாய். மற்றொன்றில் எழுவாயாகத் தெரிவது, அடிப்படையில் செயப்படுபொருள். அது இடம் மாறி எழுவாயின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. முதல் சாதியை அன்எர்கட்டிவ் என்றும் இரண்டாவதை அன்அக்யூசட்டிவ் என்றும் மொழியியலில் சொல்கிறார்கள். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று நான் இவற்றை ஆட்ட வினை, வருகை வினை என்று அழைக்கிறேன். 'ஆடு' முதல் வகைக்கு மாதிரி. ஆங்கில 'அரைவ்' இரண்டாவதற்கு.

கோலாலம்பூரில் தமிழ் பேசும் பெரியவர்களுக்கு நான் ஆங்கில இலக்கணம் கற்பிக்கிறேன். தமிழும் மலாயும் ஆங்கிலமும் தினமும் புழங்கும் இந்த ஊரில், இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்தால் மாணவர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள்: "ரயில்தானே வருகிறது? அது எப்படிச் செயப்படுபொருளாகும்?" நியாயமான கேள்வி. கோட்பாட்டைச் சொல்லி இதற்குப் பதில் அளிக்க முடியாது. சோதனைகள் வேண்டும்.

முதலில் இரண்டு இடங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

'கொத்தனார் வீடு கட்டினார்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். வினைக்கு இரண்டு பேர் வேண்டும். 'வீடு' வினையை ஒட்டி உள்ளே நிற்கிறது. 'கொத்தனார்' வெளியிலிருந்து வந்து செயலை நடத்துகிறார். இவற்றை உள் இடம், வெளி இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்ட வினை வெளி இடத்தை மட்டும் நிரப்புகிறது. உள் இடம் காலி. வருகை வினை உள் இடத்தை மட்டும் நிரப்புகிறது. வெளி இடம் காலி.

அப்படியானால் உள் இடத்தில் இருக்கும் ரயில் ஏன் இரண்டாம் வேற்றுமை உருபு பெற்று 'ரயிலை' என்று வருவதில்லை? செயப்பாட்டு வினையில் ஏற்கெனவே நமக்குப் பழகிய விஷயம்தான் இது. 'வீடு கட்டப்பட்டது' என்கிறோம். வீடு இன்னும் கட்டப்பட்ட பொருள்தான். ஆனால் அது முதல் வேற்றுமையில் எழுவாயாக நிற்கிறது. வெளி இடத்து ஆளை வினை இழந்தபோது, 'ஐ' உருபைக் கொடுக்கும் ஆற்றலையும் சேர்த்து இழந்துவிட்டது. வெளி எழுவாயைத் தராத வினை இரண்டாம் வேற்றுமையையும் தராது என்பதை இத்தாலிய மொழியை ஆராய்ந்த லூயிஜி புர்ட்ஸியோ பொது விதியாகவே வைத்தார். அரைவ் போன்ற வினைக்கு 'படு' துணையே தேவையில்லை. அது தொடக்கத்திலிருந்தே வெளி எழுவாய் இல்லாத வினை.

ஒரு சோதனையை நம்புவதற்கு முன் அதைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள்தான் பெரும்பாலும் தவறான முடிவுக்கு வருகிறார்கள். வருகை வினையையும் ஆட்ட வினையையும் வேறுபடுத்தும் ஏதோ ஒரு வடிவம் கண்ணில் பட்டதும், 'இதோ சான்று' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது மட்டும் போதாது. நாம் காட்ட வேண்டியது, அரைவ் வினையின் எழுவாய் செயப்படுபொருளைப் போல நடக்கிறது என்பதை. ஆகவே ஒவ்வொரு சோதனையையும் முதலில், ஐயமே இல்லாத எழுவாயும் செயப்படுபொருளும் உள்ள 'கட்டு', 'வாங்கு' போன்ற வினையில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வடிவம் செயப்படுபொருளை ஏற்று எழுவாயைத் தள்ளினால் மட்டுமே அது நமக்கு உதவும். இரண்டையும் ஏற்றால் எதையும் பிரிக்காது; தூக்கிப் போட்டுவிடலாம்.

தமிழ்ப் பெயரெச்சத்தை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். 'கொத்தனார் கட்டிய வீடு' சரி. 'வீடு கட்டிய கொத்தனார்' என்பதும் சரி. பெயரெச்சம் இரண்டு இடங்களையும் சமமாக ஏற்கிறது. ஆகவே 'வந்த விருந்தினர்', 'ஆடிய விருந்தினர்' இரண்டும் சரியாக இருப்பதில் வியப்பில்லை. தமிழில் இந்த வடிவம் நமக்கு எதையும் சொல்லாது. இனி வரும் வாக்கியங்களில் ஏற்க முடியாதவற்றின் முன் உடுக்குறி (*) இடுகிறேன்.

ஆங்கிலத்தில்: பெயருக்கு முன் வரும் பார்ட்டிசிபிள்

தமிழில் வேலை செய்யாத இதே வடிவம் ஆங்கிலத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. முதலில் ஐயமற்ற வினையில் பார்ப்போம்.

தி ரீசென்ட்லி பெயின்டட் ஹவுஸ் (அண்மையில் வண்ணம் பூசப்பட்ட வீடு)

\*தி ரீசென்ட்லி பெயின்டட் வொர்க்கர் (வண்ணம் பூசிய தொழிலாளி என்ற பொருளில்)

இரண்டாவதைக் கேட்கும் எவருக்கும் தொழிலாளியின் மேல் யாரோ வண்ணம் பூசியதாகத்தான் தோன்றும். அதாவது அந்த இடத்தில் உட்காரும் பெயர் செயப்படுபொருளாக மட்டுமே இருக்க முடியும். சோதனை நம்பத்தக்கது. இப்போது நம் இரண்டு வினைகளையும் வைத்துப் பார்க்கலாம்.

தி ரீசென்ட்லி அரைவ்ட் கெஸ்ட்ஸ் (அண்மையில் வந்த விருந்தினர்)

\*தி ரீசென்ட்லி டான்ஸ்ட் கெஸ்ட்ஸ் (அண்மையில் ஆடிய விருந்தினர்)

விருந்தினர் வீட்டைப் போல நடந்துகொள்கிறார்கள். தொழிலாளியைப் போல அல்ல. ஆடியவர்களோ தொழிலாளியின் பக்கம் விழுகிறார்கள்.

இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'ரீசென்ட்லி' அல்லது 'நியூலி' இல்லாமல் வெறும் 'அரைவ்ட் கெஸ்ட்ஸ்' என்று சொன்னால் ஆங்கிலம் பேசுபவர்களுக்கே அது ஒட்டாது. அதை வைத்து அரைவ் சோதனையில் தோற்றுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். வினையடையை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சேர்த்து ஒப்பிடுங்கள். 'வெல் ரெட் மேன்' (நிறையப் படித்தவர்), 'வெல் ட்ராவல்ட் மேன்' போன்ற தொடர்களில் பார்ட்டிசிபிள் செய்தவரைக் குறிப்பதும் உண்மைதான். ஆனால் அவை தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய சில தொடர்கள். புதிதாக ஒரு வினையை எடுத்து அதே அச்சில் வார்த்துப் பார்த்தால் வராது.

பாடநூல்களில் அடிக்கடி வரும், 'தேர்' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துச் செய்யும் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. 'தேர் அரைவ்ட் த்ரீ டிரெயின்ஸ்' சரி என்பதும் '\*தேர் டான்ஸ்ட் த்ரீ மென்' சரியில்லை என்பதும் உண்மையே. ஆனால் 'பிரேக்' என்ற வினையும் வருகை வினைதான் ('கண்ணாடி உடைந்தது' என்ற பொருளில்). அது 'தேர்' வாக்கியத்தை ஏற்பதில்லை. மறுபுறம் 'தேர்' தொடங்கி, ஒருவர் நடந்து அறைக்குள் நுழைந்ததைச் சொல்லும் வாக்கியத்தில் ஆட்ட வினையான 'வாக்' வந்துவிடுகிறது. புதிதாக ஒருவரைக் காட்சிக்குள் கொண்டுவரும் வேலையே 'தேர்' வாக்கியத்தின் முதல் வேலை. அரைவ் அதற்குப் பொருத்தமான பொருளுடைய வினை. இதைத் தனிச் சான்றாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இத்தாலியத்தில்: மிக வலுவான சான்று

எனக்குத் தெரிந்தவற்றில் மிகத் தூய்மையான சோதனை இத்தாலிய மொழியின் 'நே' என்ற சிறு சொல். புர்ட்ஸியோ இதைத்தான் தன் வாதத்தின் முதுகெலும்பாக்கினார். 'அவற்றில்' என்பது இதன் பொருள். 'அவற்றில் மூன்று' என்று சொல்லும்போது 'மூன்று' தன் இடத்திலேயே நிற்க, 'அவற்றில்' என்ற பகுதி மட்டும் பிரிந்து வினைக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். அது எந்த இடத்திலிருந்து பிரிந்து போக முடியும் என்பதே கேள்வி.

வழக்கம்போல் ஐயமற்ற வினையில் தொடங்குவோம்.

நே ஓ கொம்ப்ராத்தி த்ரே (அவற்றில் மூன்றை வாங்கினேன்)

\*நே ஆன்னோ கொம்ப்ராத்தோ இல் லீப்ரோ த்ரே (அவர்களில் மூவர் அந்த நூலை வாங்கினார்கள்)

செயப்படுபொருளிலிருந்து 'நே' வெளியே வரலாம். எழுவாயிலிருந்து வர முடியாது. எழுவாயை வாக்கியத்தின் இறுதிக்குத் தள்ளினாலும் முடியாது. சோதனை தேறிவிட்டது. இனி நம் வினைகள். இத்தாலியத்தில் ஆட்ட வகைக்கு வழக்கமாக எடுக்கப்படும் உதாரணம் தொலைபேசியில் அழைப்பதைக் குறிக்கும் 'தெலெஃபொனாரே'.

நே சோனோ அர்ரிவாத்தி த்ரே (அவர்களில் மூவர் வந்தார்கள்)

\*நே ஆன்னோ தெலெஃபொனாத்தோ த்ரே (அவர்களில் மூவர் தொலைபேசியில் அழைத்தார்கள்)

இங்கே ஒருவர் மறுப்பு எழுப்பலாம். 'த்ரே' வினைக்குப் பின்னால் நிற்பதால்தான் செயப்படுபொருள் போலத் தெரிகிறது; அவ்வளவுதானே? இல்லை. இத்தாலியத்தில் அழைக்கும் வினையின் எழுவாயும் தாராளமாகப் பின்னால் நிற்கும்: 'ஆன்னோ தெலெஃபொனாத்தோ த்ரே ஸ்துதென்தி' (மூன்று மாணவர்கள் அழைத்தார்கள்) என்பது நல்ல வாக்கியம். இரண்டு எழுவாய்களும் பின்னால் நிற்கின்றன. ஒன்றிலிருந்து மட்டும்தான் 'நே' பிரிகிறது. காதுக்கு ஒரே இடமாகக் கேட்பது இலக்கணத்தில் இரண்டு வெவ்வேறு இடங்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதை உறுதிசெய்யலாம். வந்தவர்களை வினைக்கு முன்னால், சாதாரண எழுவாயின் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டு 'நே' போட்டால், '\*த்ரே நே சோனோ அர்ரிவாத்தி' என்று வாக்கியம் கெட்டுவிடும். வருகை வினையின் எழுவாய் உள் இடத்தில் தங்கியிருக்கும்வரைதான் செயப்படுபொருளின் சலுகை அதற்குக் கிடைக்கிறது.

இதைச் செய்து பார்க்க விரும்புபவர்கள் 'ஓ', 'ஆன்னோ', 'சோனோ' போன்ற துணைவினை வரும் கூட்டுக் காலத்தையே பயன்படுத்துங்கள். எளிய நிகழ்காலத்தில், வேலை செய்வதைக் குறிக்கும் 'லாவோராரே' போன்ற ஆட்ட வினைகள்கூடச் சில சூழல்களில் 'நே'யை ஏற்றுக்கொள்கின்றன. ஆலையில் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று இருப்பைச் சொல்லும் வாக்கியங்களில் அது நடக்கும். கூட்டுக் காலத்தில் கோடு தெளிவாகத் தெரிகிறது.

அந்தத் துணைவினையே தனிச் சான்றாகவும் நிற்கும். வந்ததைச் சொல்ல இத்தாலியம் 'இரு' என்ற பொருளுடைய 'எஸ்ஸெரே'யைத் துணைக்கு அழைக்கிறது. அழைத்ததைச் சொல்ல 'கொண்டிரு' என்ற பொருளுடைய 'அவேரே'யை. மரியா என்ற பெண்ணைப் பற்றி 'மரியா ஏ அர்ரிவாத்தா' என்கிறார்கள். ஆனால் 'மரியா ஆ தெலெஃபொனாத்தோ' என்கிறார்கள். ஈற்றைக் கவனியுங்கள். வந்த மரியாவோடு பார்ட்டிசிபிள் பெண்பால் ஈறு பெற்று இயைகிறது. அழைத்த மரியாவோடு இயையவில்லை. ஐயமற்ற வினைக்குத் திரும்பினால் காரணம் புரியும். 'லே ஓ கொம்ப்ராத்தே' (அவற்றை வாங்கினேன்; அவை பெண்பால் பொருள்கள்) என்னும்போது ஈறு வாங்கப்பட்டவற்றோடு இயைகிறது, வாங்கியவரோடு ஒருபோதும் இல்லை. செயப்படுபொருளுக்குக் கிடைக்கும் மரியாதைதான் வந்த மரியாவுக்கும் கிடைக்கிறது.

ஆங்கிலமும் முன்பு இப்படித்தான் இருந்தது. வந்தவரைப் பற்றிச் சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'இஸ் கம்', 'இஸ் அரைவ்ட்' என்றே எழுதினார்கள். இன்று 'ஹேவ்' எல்லாவற்றையும் விழுங்கிவிட்டதால் இந்தச் சான்று ஆங்கிலத்தில் மறைந்துவிட்டது.

எதிர்த்திசைச் சோதனை

இதுவரை பார்த்தவை வருகை வினையைத் தேற வைத்தவை. அது தோற்க வேண்டிய சோதனை ஒன்றும் வேண்டும். ஜெர்மன் மொழியில் செயப்படுபொருளே இல்லாத வினையையும் செயப்பாட்டு வினையாக்கலாம். ஆடியதை 'எஸ் வுர்டே கெடான்ஸ்ட்' என்பார்கள்; யார் ஆடினார் என்று சொல்லாமல், அங்கே ஆட்டம் நடந்தது என்று பொருள். வந்ததை அப்படிச் சொல்ல முயன்றால் '\*எஸ் வுர்டே அன்கெகொம்மென்' என்பது நிற்காது. செயப்பாட்டு வினை வெளி இடத்து ஆளை மறைக்கும் வேலையைச் செய்கிறது. ஆடியவர் வெளி இடத்தில் இருந்தார், மறைக்க முடிந்தது. வந்தவர் அங்கே இருந்ததே இல்லை. பெர்ல்மட்டரின் 1978 கட்டுரையும் டச்சு மொழியில் காணப்படும் இதே வகை வாக்கியங்களையே முக்கியச் சான்றாக வைத்தது.

பொருளை வைத்து ஊகிக்காதீர்கள்

'விரும்பிச் செய்தால் ஆட்ட வினை, தானாக நடந்தால் வருகை வினை' என்ற குறுக்குவழியை மாணவர்கள் விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். பல இடங்களில் அது பலிக்கும். ஆனால் அதன்மேல் எதையும் கட்ட முடியாது. விருந்தினர் விரும்பித்தான் வருகிறார்கள்; இருந்தும் வருவதைக் குறிக்கும் இத்தாலிய 'அர்ரிவாரே' எஸ்ஸெரேயை எடுக்கிறது. தும்மலை யாரும் விரும்பி வரவழைப்பதில்லை. இருந்தும் தும்முவதைக் குறிக்கும் இத்தாலிய 'ஸ்தார்னுதீரே' அவேரேயை எடுக்கிறது.

வினையை ஒருமுறை வகைப்படுத்திவிட்டால் அது அங்கேயே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். இத்தாலியத்தில் ஒருவர் வெறுமனே ஓடினார் என்றால் 'ஆ கொர்ஸோ'. அவர் வீட்டுக்கு ஓடினார் என்று சேருமிடத்தைச் சேர்த்தால் 'ஏ கொர்ஸோ ஆ காஸா'. ஓடுவது என்ற செயலிலிருந்து ஒரு முனையை அடைவது என்ற நிகழ்வுக்கு வாக்கியம் நகர்ந்ததும் துணைவினையும் மாறிவிட்டது. பெத் லெவினும் மால்கா ரப்பபோர்ட் ஹோவவும் 1995-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வினைகளை விரிவாக ஆராய்ந்தார்கள். ஆகவே பட்டியல் எழுதும்போது வினையை மட்டும் எழுதாமல், எந்த வாக்கியத்தில் சோதித்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மலாய் பேசும் நம் ஊர்க்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனித்திருப்பார்கள். 'திபா', 'டாத்தாங்', 'ஜாத்தோ' போன்ற வருகை வினைகள் முன்னொட்டு இல்லாமல் நிற்கின்றன; 'மெனாரி', 'பெர்லாரி', 'மெனாங்கிஸ்' போன்ற ஆட்ட வினைகள் முன்னொட்டோடு வருகின்றன. அழகான போக்கு. ஆனால் தூங்குவதைக் குறிக்கும் 'தீடோர்', குளிப்பதைக் குறிக்கும் 'மண்டி' இரண்டும் முன்னொட்டு இல்லாமலே நிற்கின்றன. மேலும் இது செயப்படுபொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், சோதனையாக முடியாது.

தமிழில் என்ன கிடைக்கிறது?

தமிழில் இத்தாலியத்தின் 'நே' இல்லை. வினைக்கேற்ப மாறும் துணைவினையும் இல்லை. ஆனால் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு.

முதலாவது, 'ஐ' உருபு. ஆட்ட வினைக்கு உள் இடம் காலியாக இருப்பதால், தன் இனத்துப் பெயர் ஒன்றை அது அங்கே ஏற்றுக்கொள்ளும்: 'அந்த ஆட்டத்தை மறுபடியும் ஆடினார்.' வருகை வினையில் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, கொடுக்க உருபும் இல்லை: '\*அந்த வருகையை மறுபடியும் வந்தார்.' இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. 'ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்' என்கிறோம். அங்கே 'ஒரு நடை' எத்தனை முறை என்பதைச் சொல்லும் அடை மட்டுமே. 'அந்த நடையை வாருங்கள்' என்று யாரும் சொல்வதில்லை என்பதிலிருந்து அது தெரியும். அதேபோல் 'ஊரை வந்தடைந்தார்' என்பதில் உருபைக் கொடுப்பது 'அடை', 'வா' அல்ல. '\*ஊரை வந்தார்' என்று சொல்லிப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லையும் உண்டு. 'வா' இரண்டாம் வேற்றுமை தராது என்பதை இது காட்டுகிறது. அதன் எழுவாய் உள் இடத்தில் பிறந்தது என்பதை நேரடியாகக் காட்டவில்லை.

இரண்டாவது இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குப் பத்துமலைக்குப் போக வேண்டும். தைப்பூசத்தில் ஒருவரைப் பற்றி நாம் இரண்டு விதமாகச் சொல்கிறோம்.

அவருக்குச் சாமி வந்தது.

அவர் சாமி ஆடினார்.

இரண்டிலும் 'சாமி' வினையை ஒட்டி, அதோடு சேர்ந்து ஒரே பொருளைத் தரும் தொடராகிவிட்டது. வினையும் ஒரு பெயரும் இப்படி உறைந்து தொடராகும்போது, அந்தப் பெயர் வழக்கமாகச் செயப்படுபொருளின் இடத்தில் இருப்பதாகவே அமையும்: 'காவடி எடுத்தார்', 'காது குத்தினார்கள்', 'கை கொடுத்தார்'. எழுவாயும் வினையும் உறைந்து, செயப்படுபொருளை மட்டும் மாற்றி மாற்றிப் போடும்படி விட்டுவைக்கும் தொடரைத் தேடிப் பாருங்கள். கிடைப்பது மிக அரிது. ஆனால் 'வா' வினையோடு எழுவாய் உறைந்த தொடர்கள் கொட்டிக் கிடக்கின்றன: கோபம் வந்தது, தூக்கம் வந்தது, அருள் வந்தது. அந்த எழுவாய்கள் உள் இடத்தில் பிறந்தவை என்று கொண்டால் இது வியப்பாக இருக்காது.

இப்போது அந்த மனிதரைப் பாருங்கள். 'ஆடு' வினையில் வெளி இடம் உண்டு. அவர் அங்கே போய் 'அவர்' என்று முதல் வேற்றுமையில் நிற்கிறார். வினையும் அவரோடு இயைந்து 'ஆடினார்' என்றாகிறது. 'வா' வினையில் வெளி இடம் இல்லை. அவரை வைக்க இருக்கை இல்லாததால் நான்காம் வேற்றுமையில் 'அவருக்கு' என்று ஓரமாக நிற்கிறார். வினை சாமியோடு இயைந்து 'வந்தது' என்றாகிறது. '\*அவர் சாமி வந்தார்' என்று அவரை வெளி இடத்தில் வைக்க முயன்றால், அவரும் சாமியும் ஒருசேர நிற்க முடியாமல் வாக்கியம் உடைகிறது. ஒரே மனிதர், ஒரே சாமி. வினையின் சாதி மாறியதும் யார் எங்கே நிற்பது என்பது முழுவதும் மாறிவிடுகிறது.

இதை இத்தாலியச் சான்றுக்கு இணையாக நான் வைக்க மாட்டேன். உறைந்த தொடர்கள் சுதந்திரமாக விளையும் வாக்கியங்கள் அல்ல. 'ரயில் வந்தது' என்ற சாதாரண வாக்கியத்தைப் பற்றி அவை மறைமுகமாகத்தான் பேசுகின்றன. ஆனால் தமிழருக்கு விளக்க இதைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மாணவரின் கட்டுரையில் இதை எப்படிப் பயன்படுத்துவது?

ஆங்கிலம் கற்பவர்கள் 'தி டிரெயின் வாஸ் அரைவ்ட்', 'தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்' என்று எழுதுவதை ஆசிரியர்கள் அடிக்கடி காண்கிறார்கள். பல தாய்மொழிகளைச் சேர்ந்தவர்களிடமும் இது வருகிறது. ஹெல்மட் ஸோப்ல் 1989-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: கற்பவர் அந்த எழுவாயை உள் இடத்தில் பிறந்ததாக உணர்கிறார், அது எழுவாயின் இருக்கைக்கு ஏறியதைக் காட்ட, தமக்குத் தெரிந்த ஒரே கருவியான செயப்பாட்டு வடிவத்தைப் போடுகிறார். அதாவது ஆங்கிலம் மறைத்துவைத்திருக்கும் ஒன்றை அவர் வெளியே எழுதிவிடுகிறார். வெளியிலிருந்து ஒரு காரணத்தைக் கற்பனை செய்யும்படி சூழல் இருந்தால் இந்தப் பிழை அதிகமாகிறது என்று கருதுபவர்களும் உண்டு. இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று தள்ள வேண்டியதில்லை.

ஆனால் கட்டுரையில் 'வாஸ்' கூடுதலாக வந்த ஒவ்வோர் இடத்தையும் இதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அந்த மாணவரின் எழுத்தை முழுவதும் படித்து, 'வாஸ்' தவறாக வந்த வினைகளை மட்டும் தனியே எடுத்து எழுதுங்கள். அரைவ், ஹேப்பன், ஃபால், டிஸ்அப்பியர், டை போன்றவற்றோடு மட்டும் வந்து, டான்ஸ், வொர்க், லாஃப் போன்றவற்றோடு வராமல் இருந்தால், அவர் இரண்டு சாதிகளையும் பிரித்தறிகிறார். அவருக்குச் சொல்ல வேண்டியது, இந்த வினைகளில் எழுவாய் எந்த அடையாளமும் இல்லாமலே ஏறிவிடும் என்பது மட்டும்தான். 'வாஸ் டான்ஸ்ட்', 'வாஸ் வொர்க்ட்' என்றும் எழுதியிருந்தால், அவர் 'வாஸ்' என்பதை இறந்தகாலத்தின் பொது அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு நடத்த வேண்டியது காலங்களைப் பற்றிய பாடம். வருகை வினையைப் பற்றிய பாடம் அன்று.